வாசலில் நின்று ‘ஹோடி’ சொல்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு என்னைப் பிறகு திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

தார் எஸ் சலாமில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, கூட வேலை செய்பவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறாய் என்றதும் பகீரென்றது. தெரிந்த ஒரே சுவாஹிலி வார்த்தை போல “ஜாம்போ!” என்று கத்திக்கொண்டு உள்ளே நுழைகிற ஆள் நீ. அது சுற்றுலாக்காரர்களின் வணக்கம். வீட்டு வாசலில் அதற்கு வேலையில்லை.

கதவு திறந்திருந்தாலும் வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற “ஹோடி!”யைக் குரல் கொடு. உள்ளேயிருந்து வாருங்கள் என்கிற “கரிபு” வரும்வரை காலை எடுத்து வைக்காதே. மூன்று முறை விட்டுவிட்டுக் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடு, எட்டிப் பார்க்காதே. அழைத்ததும் “அசாந்தே” என்று நன்றி சொல்லி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போ.

அவருடைய அம்மாவும் அந்த வீட்டில்தான் என்று எழுதியிருந்தாய். முதலில் அவரிடம் போய் “ஷிகமோ, மாமா” என்று சொல், ஷிகமோ பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம். கடைசி ‘மோ’வை நன்றாக நீட்டு. (அங்கே மாமா என்றால் அம்மா, சிரித்துத் தொலைக்காதே.) அவர் பதிலுக்கு “மரஹபா” என்பார். அதோடு விடாமல் நலமா என்று “ஹுஜாம்போ?”வும் கேட்டால், நலம் என்று “சிஜாம்போ” சொல். நீயாக முந்திக்கொண்டு அவரிடம் “ஹுஜாம்போ” கேட்காதே. பெரியவரிடம் ஷிகமோவைத் தாண்டிப் போவது மரியாதைக் குறைவு. உன் வயதுக்காரருக்கு ஷிகமோ சொன்னால், அவரைக் கிழவராக்கிவிட்டதாகக் கேலி செய்வார்கள்.

நண்பரிடம் “ஹபாரி ஸா ந்யும்பானி?” என்று வீட்டு நலம் கேள். “ந்ஸூரி”, அதாவது நன்றாக இருக்கிறது என்பார். அடுத்து “வதோதோ ஹவஜாம்போ?” என்று பிள்ளைகளைப் பற்றிக் கேள், “ஹவஜாம்போ” என்பார். அவரும் உன் பயணத்தைக் கேட்பார், வீட்டைக் கேட்பார், ஒவ்வொன்றுக்கும் “ந்ஸூரி” போதும். உன் அவசர புத்தி தெரியும் எனக்கு. இந்தக் கேள்விகள் ஓய்வதற்குள் வந்த காரியத்தைப் பேச ஆரம்பிக்காதே. இரண்டே கேள்வியோடு நிறுத்தினால் கோபமாக இருக்கிறாயோ என்று நினைப்பார்கள்.

இதைக் கவனமாகப் படி. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாவிட்டாலும் முதல் பதில் பெரும்பாலும் “ந்ஸூரி”தான். அதன் பின்னால் ‘ஆனால்’ என்கிற பொருளில் “லகினி” அல்லது “இலா” என்று இழுத்தால் காதைத் தீட்டிக்கொள், துக்கமோ நோயோ அங்கேதான் வரும். “ந்ஸூரி, இலா ம்தோதோ அனவும்வா” என்றால் குழந்தைக்குச் சுகமில்லை. உடனே “போலே ஸானா” என்று வருத்தம் சொல்லி, குழந்தையைப் பற்றி விசாரி. ஒரு வார்த்தை பிடிபட்ட மகிழ்ச்சியில் “ந்ஸூரி, ந்ஸூரி” என்று தலையாட்டிவிடாதே. அந்த இடத்தில் அது கொடூரம்.

கை கொடுப்பதென்றால் வலக்கை.

பாஸ்கரிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே. அடுத்த முறை பார்க்கும்போது கடைக்காரப் பையனுக்கும் ஷிகமோ போடுவான்.

அன்புடன்,
சேகர்