வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பேலன்ஸ் இருந்தும் போன் ஏன் போகவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவியில் நம் ரீசார்ஜ் கடைக்கு இத்தனை ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் உங்களில் பலருக்கு, போன மாதம் பரவிய பேச்சு காதில் விழுந்திருக்கும். "அந்தக் கடையில் போட்டால் பணம் குறையும், நெட்டும் மூன்றே நாளில் தீரும்" என்று டீக்கடையிலும் வாய்க்கால் கரையிலும் பேசிக்கொண்டார்கள். பேச்சைத் தொடங்கிவைத்த பெரியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் கடை பணத்தை எடுத்துக்கொண்டது என்ற சொல் என்னை மிகவும் புண்படுத்திவிட்டது. எனவே நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரிடம் இருப்பது நெட் வசதியுள்ள பட்டன் போன். ஏப்ரல் 6ஆம் தேதி நம் கடையில் 28 நாள் பேக் போட்டார். போட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் மே 3ஆம் தேதி இரவோடு அந்தப் பேக் முடியும். மே 1ஆம் தேதி விடுமுறைக்குப் பேரன் வந்து தாத்தாவின் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. பேரனை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர், கூடுதலாக 1 ஜிபி டேட்டாவும் பத்து ரூபாய் டாப்-அப்பும் போட்டுக்கொண்டு போனார். மே 4ஆம் தேதி காலை மகளைக் கூப்பிட முயன்றபோது கால் போகவில்லை. நேராகக் கடைக்கு வந்து, "பத்து ரூவா போட்டேன், ஏழு ரூவா காட்டுது. அந்த ஏழு ரூவாயும் இருக்கத்தானல செய்யுது, பெறவு ஏன் போன் போகல?" என்று கேட்டார்.

முதலில் அந்த மூன்று ரூபாய்க் கணக்கு. பத்து ரூபாய் டாப்-அப்பில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கி இருக்கிறது. அது 1 ரூபாய் 53 காசு. அதற்கு மேல் கம்பெனி இந்தத் தொகைக்குத் தன் செயலாக்கக் கட்டணமாக 1 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. மீதம் 7 ரூபாய் 47 காசு. இருபது ரூபாய் போட்டால் 14 ரூபாய் 95 காசும், நூறு ரூபாய் போட்டால் 81 ரூபாய் 75 காசும் போனில் ஏறும். எந்தக் கடையில் போட்டாலும், சென்னையிலிருந்து உங்கள் மகனே போனில் போட்டு அனுப்பினாலும் இதே தொகைதான் ஏறும். இந்தப் பிடித்தத்தில் ஒரு காசுகூட என் கல்லாவுக்கு வருவதில்லை. கடைக்குக் கிடைக்கும் சிறு கமிஷன் தனியாகக் கம்பெனியிடமிருந்து வருவது. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு மன்னியுங்கள். கை சுத்தம் பற்றிய பேச்சு என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு அன்று அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் விவசாயி, அவருக்கு அது உடனே புரிந்தது. "தாத்தா, நீங்க ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. வேலிடிட்டிங்கிறது குத்தகைத் தவணை. டேட்டாங்கிறது அந்த வயலுக்குப் பாயுற தண்ணி. மெயின் பேலன்ஸ்ங்கிறது உங்க மடியில முடிஞ்சு வச்சிருக்கிற சில்லறை. தவணை முடிஞ்சா கிணத்துல தண்ணி கிடந்தாலும் இறைக்க முடியாது, மடியில சில்லறை இருக்குன்னு வயலுக்குள்ள இறங்கவும் முடியாது" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ தினமும் வருதே நெட்டு, அது கன்னடியன் கால்வாய் முறைத் தண்ணி மாதிரியா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. தினசரி டேட்டா உள்ள பேக்குகளில் அன்றைய பங்கை அன்றே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தாமல் விட்டது பெரும்பாலும் மறுநாளுக்குச் சேராது, நள்ளிரவுக்குப் பிறகு புதிய முறைதான் திறக்கும்.

அவர் போனில் மே 3ஆம் தேதி மாலை, ஒரு கால் பேசி முடித்ததும் திரையில் வந்தது ஏறத்தாழ இப்படி இருந்தது:

```
Bal: Rs 7.47
Data left: 612 MB
Pack valid till 03-05
```

கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும், ஆனால் இந்த மூன்று செய்திகளும் ஏதாவது ஒரு வரிசையில் இருக்கும். முதல் வரி மடியில் உள்ள சில்லறை. இரண்டாவது வரி மீதமுள்ள கூடுதல் டேட்டா. 1 ஜிபி என்பது 1024 எம்பி, பேரன் 412 எம்பி பார்த்திருக்கிறான். நம் பெரியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது வரியில் உள்ள தேதியைத்தான், ஏனென்றால் மற்ற இரண்டும் அந்தத் தேதி வரைதான் உதவும். கூடுதல் டேட்டா பேக் பெரும்பாலும் அடிப்படை பேக்கின் மீது ஏறி நிற்பது. சிலவற்றுக்குத் தனித் தேதி இருந்தாலும் அடிப்படை பேக் ஓடாதபோது அவையும் பயன்படுவதில்லை. மே 1ஆம் தேதி அவர் வாங்கிய 1 ஜிபிக்கு உண்மையில் மூன்று நாள்தான் ஆயுள் இருந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே அவர் போனை வாங்கி, தேதியைப் பார்த்து, "மூணு நாள்ல பேக் முடியுது, புது பேக்கே போட்டுக்கோங்க" என்று எங்கள் கடையில் சொல்லியிருக்க வேண்டும். அன்று கூட்டத்தில் அது விட்டுப்போயிற்று. அந்தக் குறைக்கு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தியும் பலரைக் குழப்புகிறது. டேட்டா பாதி தீர்ந்ததும் ஒருமுறை, 90 சதவீதம் தீர்ந்ததும் ஒருமுறை, முழுதும் தீர்ந்ததும் ஒருமுறை கம்பெனி செய்தி அனுப்பும். வீரவநல்லூரிலிருந்து வரும் ஆச்சி ஒருவர் `90%` என்பதைப் பார்த்து, தொண்ணூறு பங்கு மிச்சம் இருப்பதாக நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் `used` என்ற சொல் இருந்தால் அது தீர்ந்த அளவு, `left` என்று இருந்தால் மிச்சம். இந்த இரண்டு சொற்களை மட்டும் ஒரு சீட்டில் தமிழ் விளக்கத்தோடு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன், போன் உறையில் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

"ஒண்ணாம் தேதி போட்டேன், மாசம் முடியலையே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 28 நாள் பேக் மாதக் கணக்கில் வராது. அதையே தொடர்ந்து போட்டால் ஆண்டுக்கு 13 முறை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் உத்தரவிட்டது. பென்ஷன் வாங்கும் தேதியை ஒட்டிப் போட விரும்புகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். நெட்டே தேவையில்லாத பெரியவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கும் இப்போது இருக்கிறது; நாங்களாகச் சொல்லாவிட்டாலும் தயங்காமல் கேளுங்கள்.

மதிய நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்டு, செய்தி படித்துச் சொல்லிவந்த பெண் திருமணமாகிப் போய்விட்டதால், மதியம் 1 மணி முதல் 4 மணி வரை கடை அடைத்திருக்கும்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்து, "எங்களுக்கு ஒம்ம தெரியாதா" என்று சொல்லி ரீசார்ஜ் போட்டுச் சென்ற ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் பெரியவரும் மே 4ஆம் தேதியே புது பேக் போட்டுக்கொண்டார். மாலையில் மகளிடம் பேசிவிட்டு, திரையில் வந்த தேதியை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். உங்கள் போனுக்கு வரும் செய்தி எதுவும் புரியாவிட்டால் அழித்துவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் தேதியைப் பார்த்துச் சொல்வது இனி என் பொறுப்பு.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
சேரன்மகாதேவி