லாம்டாவைத் தூக்கிப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கட்டுப்பாட்டுக்குள் பெருமத்தைக் காண, லாம்டா என்று படிக்கும் λ என்ற பெருக்கியைச் சேர்த்துக் கணக்கிடும் லாக்ராஞ்ஜ் பெருக்கி முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்குப் போடும் வழியை அவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு இடங்கள் உறுத்தின. ஒன்று, “x, y கிடைத்ததும் λ-வின் வேலை முடிந்தது, அதை விட்டுவிடலாம்” என்ற வரி. மற்றொன்று, வருமானம் கூடக் கூட λ குறைவதைக் காட்டி, “பணம் சேரச் சேரப் பணத்தின் பயன் குறைகிறது என்பதற்கு இதுவே கணித நிரூபணம்” என்று முடித்தது. முதல் வரி λ-வுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை. இரண்டாவது அதற்கு இல்லாத மதிப்பைத் தந்துவிட்டது.

முதலாவதில் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் நுண்கணிதம் நடத்துகிறேன். வாய்மொழித் தேர்வில் இந்த உரையாடல் வராத ஆண்டே இல்லை.

“விடையில 5-ன்னு ஒண்ணு வந்திருக்கே, அது என்னப்பா?”

“லாம்டா சார்.”

“சரி, லாம்டான்னா என்ன?”

“அதைக் கண்டுபிடிச்சுட்டு எடுத்துடுவோம் சார்.”

பாதிப் பேர் கண்டுபிடிப்பதுகூட இல்லை. இரண்டு சமன்பாடுகளை ஒன்றால் ஒன்றை வகுத்து λ-வை முளையிலேயே கிள்ளிவிடுகிறார்கள். x, y மட்டும் வேண்டுமென்றால் அது நல்ல வழிதான். ஆனால் கேள்வியின் சுவையான பாதி அதோடு போய்விடுகிறது.

அந்த 5 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டு பொருள்கள். முதலாவதன் விலை 2, இரண்டாவதன் விலை 4. கையில் இருக்கும் பணம் 80. வாங்கும் அளவுகள் x, y. அவற்றால் கிடைக்கும் பயனை அளக்கும் பயன்பாட்டுச் சார்பு xy. ஆக, 2x + 4y = 80 என்ற கட்டுப்பாட்டுக்குள் xy-யின் பெருமம் வேண்டும். L = xy − λ(2x + 4y − 80) என்று எழுதி x-ஐயும் y-யையும் கொண்டு வகையிட்டால் y = 2λ, x = 4λ. இவற்றைக் கட்டுப்பாட்டில் போட்டால் 16λ = 80, அதாவது λ = 5. அதிலிருந்து x = 20, y = 10, பயன்பாடு 200. பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே கோடு போட்டு முடிந்துவிடும்.

இப்போது கையில் இன்னும் ஓர் அலகு பணம் கூடுதலாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் முதல் பொருளில் போட்டால் அரை அலகு கிடைக்கும்: 20.5 × 10 = 205. முழுவதையும் இரண்டாம் பொருளில் போட்டால் கால் அலகு கிடைக்கும்: 20 × 10.25 = 205. எதில் போட்டாலும் கூடுவது அதே 5. உட்கார்ந்து கணக்குப் பார்த்து மிகச் சிறப்பாகப் பிரித்துச் செலவழித்தால்? x = 20.25, y = 10.125, பயன்பாடு 205.03. அவ்வளவு மெனக்கெட்டும் லாபம் வெறும் 0.03 தான்.

λ-வின் பொருள் முழுவதும் இந்த மூன்று பெருக்கல்களில் இருக்கிறது. பெருமம் உள்ள இடத்தில், கடைசிப் பணத்தை எந்தப் பொருளில் போட்டாலும் ஒரே அளவு பலன்தான் கிடைக்கும். அந்தப் பொதுவான பலன்தான் λ. பெருமம் அல்லாத இடத்தில் அப்படி ஒரு பொது எண்ணே இருக்காது. x = 30, y = 5 என்று வாங்கியவரைப் பாருங்கள். அவரும் 80-ஐத்தான் செலவழித்திருக்கிறார், ஆனால் பயன்பாடு 150. முதல் பொருளில் இன்னொரு பணம் போட்டால் அவருக்கு 2.5 கூடும், இரண்டாவதில் போட்டால் 7.5 கூடும். அப்படியானால் முதலாவதிலிருந்து ஒரு பணத்தை எடுத்து இரண்டாவதில் போட வேண்டியதுதானே! இரண்டு எண்களும் சமமாகும்வரை அவர் அப்படி மாற்றிக்கொண்டே போகலாம். சமமாகி நிற்கும் இடம்தான் (20, 10). மாணவர்கள் பார்த்துப் பயப்படும் அந்த இரண்டு சமன்பாடுகளும் சொல்வது இதைத்தான்: y/2-ம் x/4-ம் ஒரே எண், அதற்கு λ என்று பெயர்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். λ ஒரு வீதம், அது அந்தப் புள்ளிக்கு அருகில் மட்டும்தான் செல்லும். இந்தக் கணக்கில் பணம் M என்றால் பெருமப் பயன்பாடு M²/32, λ = M/16. முன்னதை M-ஐக் கொண்டு வகையிட்டால் பின்னது வருகிறது, சரிபார்த்துக்கொள்ளலாம். பணம் 90 ஆனால் λ-வை நம்பிப் போட்ட மதிப்பீடு 250, உண்மையான விடை 253.125. பரவாயில்லை. பணம் இரட்டிப்பாகி 160 ஆனால் மதிப்பீடு 600, உண்மை 800. “λ = 5, ஆகவே பணம் 80 கூடினால் பயன்பாடு 400 கூடும்” என்று எழுதுபவர் சறுக்குவது இங்கேதான்.

இனிக் கட்டுரையின் இரண்டாவது வரிக்கு வருகிறேன். என் கணக்கில் λ = M/16. பணம் கூடக் கூட λ-வும் கூடுகிறது! கட்டுரையில் குறைந்ததே, எப்படி? கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட சார்பு ln x + ln y. அதாவது என் சார்பின் மடக்கை. இரண்டு சார்புகளும் பொருள்களை ஒரே வரிசையில்தான் தரப்படுத்துகின்றன, ஒரே விருப்பம் உள்ள ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன. என் விலைகளோடு மடக்கைச் சார்பைப் போட்டாலும் வாங்குவது அதே (20, 10) தான். ஆனால் λ = 2/M, பணம் 80-ஆக இருக்கும்போது 0.025, பணம் கூடினால் குறையும். xy-யின் வர்க்கமூலத்தைப் போட்டால் இன்னும் வேடிக்கை. அப்போது λ ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. எவ்வளவு பணம் இருந்தாலும் ஏறத்தாழ 0.177 என்றே நிற்கும்.

ஒரே மனிதர், ஒரே விலைகள், வாங்கியதும் ஒன்றே. λ மட்டும் ஒன்றில் ஏறுகிறது, ஒன்றில் நிற்கிறது, ஒன்றில் இறங்குகிறது. ஆகவே கட்டுரையில் λ குறைந்தது அந்த மனிதரைப் பற்றிய செய்தி அல்ல, கட்டுரையாளர் கையில் எடுத்த அளவுகோலைப் பற்றிய செய்தி. பயன்பாட்டை வெறும் தரவரிசையாக மட்டும் எடுத்துக்கொண்டால், λ கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்குப் பொருளே கிடையாது. பணத்தின் பயன் குறையும் என்று நம்புவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், λ-விடமிருந்து கறக்க முடியாது.

அப்படியானால் λ-வின் எண்ணை எப்போது நம்பலாம்? கணக்கைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். xy என்பதை ஓர் ஆலையின் உற்பத்தி என்று கொள்வோம். 200 அலகு உற்பத்தி செய்தாக வேண்டும், 2x + 4y என்ற செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். விடை மறுபடியும் (20, 10), செலவு 80. இம்முறை பெருக்கி 0.2, முந்தைய 5-இன் தலைகீழ். இதன் அலகு ‘ஓர் அலகு உற்பத்திக்கு இவ்வளவு பணம்’. பொருளியல் புத்தகங்கள் இறுதிநிலைச் செலவு என்பது இதைத்தான். 201 அலகு உற்பத்திக்கான குறைந்தபட்சச் செலவைத் தனியாகக் கணக்கிட்டால் 80.1998 வருகிறது, கூடுதல் ஏறத்தாழ 0.2 தான். உற்பத்தியை எண்ணிப் பார்க்கலாம், செலவைக் கணக்கேட்டில் காட்டலாம், இரண்டிலும் நம் இஷ்டத்துக்கு மடக்கை எடுக்க இடமில்லை. அதனால் இந்தப் பெருக்கி உண்மையான விலை போலவே நடந்துகொள்கிறது. நிழல் விலை என்று பெயர் வந்ததும் அதனால்தான். 1939-இல் லெனின்கிராட்டில், ஒட்டுப்பலகை ஆலைகளின் எந்திரங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கைத் தீர்த்த சோவியத் கணிதவியலாளர் கான்டரோவிச், முதலில் தேடியதே பெருக்கிகளைத்தான். அவை கிடைத்த பிறகுதான் எந்த எந்திரத்துக்கு எந்த வேலை என்ற திட்டம் வந்தது. நம் வகுப்பறையில் தூக்கிப் போடுவது அவருக்குத் திறவுகோலாக இருந்தது. 1975-இல் பொருளியல் நோபல் பரிசைக் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டவர் அவர்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். உங்கள் கட்டுரையின் கீழே கொடுத்திருந்த பயிற்சிக் கணக்கின் விடை λ = −4 என்று அச்சாகியிருக்கிறது. பயன்பாட்டுப் பெருமம், பணம் கூடினால் பலன் கூடும் கணக்கு, பெருக்கி மட்டும் எதிர்க்குறி! தவறில்லை. g = c என்ற கட்டுப்பாட்டுக்குள் f-இன் பெருமம் காண L = f + λ(g − c) என்று எழுதினால் அப்படித்தான் வரும், கழித்தல் போட்டு எழுதினால் +4 வரும். ஆனால் கட்டுரையில் கழித்தல் போட்டு விளக்கிவிட்டு, விடையை மட்டும் கூட்டல் வழியில் கொடுத்திருக்கிறீர்கள்.

இதை அச்சுப் பிழை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. உண்மையிலேயே எதிர்க்குறி வரும் கணக்குகளும் உண்டு. 100 − (x−6)² − (y−6)² என்ற பயன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆறு வாங்கியதும் திகட்டிவிடும், அதற்கு 36 பணம் போதும். ஆனால் கட்டுப்பாடு 2x + 4y = 80, அதாவது மிச்சம் வைக்காமல் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டும். கழித்தல் வழியிலேயே போட்டாலும் λ = −4.4 வரும். இங்கே அந்தக் குறி, இன்னும் பணம் கொடுத்தால் நிலைமை மோசமாகும் என்கிறது. சமக்குறியை எடுத்துவிட்டு ‘80-க்கு மிகாமல்’ என்று தளர்த்தினால் அவர் 36-ஓடு நிறுத்திக்கொள்வார், λ பூச்சியமாகிவிடும். 44 பணம் மிச்சம் கிடக்கும்போது இன்னொரு பணத்துக்கு என்ன மதிப்பு?

λ-வின் குறியை இப்படிப் படிக்கக் கற்றுக்கொண்ட மாணவர் உங்கள் −4-ஐப் பார்த்தால், அந்த நுகர்வோருக்குப் பணம் திகட்டிவிட்டது என்றுதான் எழுதுவார். அடுத்த இதழில் அந்த விடையை +4 என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரிக் கணித ஆசிரியர்