y-ஐ நிறுத்தச் சொல்லிவிட்டு நீங்களே நிறுத்தாமல் விட்டால் எப்படி?

கல்லூரிக் கணிதத்துக்குக் கேள்வித்தாள் எழுதுகிறவர்களுக்கும், அதைவிட முக்கியமாக அதற்கு விடைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். மாலை நேரத்தில் நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். போன பருவத் தேர்வு முடிந்ததும் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி தன் விடைத்தாள் நகலை வாங்கிவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். கேள்வி இதுதான்: f(x, y) = ∛(xy) என்ற சார்புக்கு ஆதிப்புள்ளியில் x-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழுவை எல்லை வரையறையிலிருந்து காண்க. அவள் மூன்றே வரியில் 0 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் 'வகைக்கெழு இல்லை' என்று ஒரு குறிப்பு. ஐந்து மதிப்பெண் போனது.

அவள் எழுதியதுதான் சரி. விடைக்குறிப்புதான் தப்பு. எப்படித் தப்பாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அதனால் இதைக் கோபமாக எழுதவில்லை (கொஞ்சம் கோபம் இருக்கிறது, சரி).

முதலில் வரையறையை ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

```
f_x(a, b) = lim (h→0) [ f(a+h, b) − f(a, b) ] / h
```

இதில் y எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இரண்டாவது இடத்தில் இரண்டு தடவையும் b என்ற எண்தான் உட்கார்ந்திருக்கிறது. 'y-ஐ மாறிலியாகக் கொள்' என்று நாம் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் அதை ஏதோ மனசுக்குள் செய்துகொள்ள வேண்டிய பாவனை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். வரையறை சொல்வது பாவனை இல்லை: y இருந்த இடத்தில் b-ஐப் போட்டுவிடு, கையில் மிஞ்சுவது ஒரே மாறி உள்ள சார்பு, அதை a-இல் வகையிடு, அவ்வளவுதான். முதலில் y-ஐ நிறுத்த வேண்டும், அப்புறம்தான் வகையிட வேண்டும். இந்த வரிசைதான் இந்த மடலின் முழு விஷயமும்.

சாதாரணமான ஒரு சார்பில் இதைச் செய்து பார்த்தால் வரிசை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. f(x, y) = x²y + 3y, புள்ளி (2, 5) என்று எடுத்துக்கொள்ளுங்கள். y-க்கு 5 போட்டதும் 5x² + 15 ஆகிவிடுகிறது. x-க்கு 2 + h போட்டால்:

```
f(2+h, 5) = 5(4 + 4h + h²) + 15 = 35 + 20h + 5h²
f(2, 5)   = 35
வித்தியாசம் / h = 20 + 5h  →  20
```

விதிப்படி செய்தாலும் 2xy, அதாவது 2·2·5 = 20. இரண்டும் ஒன்றுதான். இந்த மாதிரிக் கேள்விகளையே வருஷா வருஷம் கொடுப்பதால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், விடையை விதிப்படி ஓரத்தில் கண்டுபிடித்துவிட்டு, எல்லை வரையறையை அலங்காரத்துக்கு மேலே எழுதி, கீழே அந்த விடைக்குக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த வழியில் போனாலும் ஒரே இடத்துக்கு வரும் என்றால் யார்தான் நீளமான வழியில் போவார்கள்?

உண்மையிலேயே வரையறையைப் போட முயல்கிறவர்கள் செய்யும் தப்பு வேறு. இரண்டு இடத்திலும் h-ஐச் சேர்த்துவிடுவார்கள், f(2+h, 5+h) என்று. அதை விரித்தால் 35 + 27h + 9h² + h³ வரும், விடை 27 என்று போட்டுவிட்டுப் போவார்கள். திருத்துகிறவர் 20 வரவில்லை என்று அடித்துவிட்டுப் போகாமல் ஒரு நிமிஷம் அந்த 27-ஐப் பார்த்தால் நன்றாக இருக்கும். y-ஐப் பொறுத்த வகைக்கெழு அதே புள்ளியில் x² + 3 = 7. 20-உம் 7-உம் சேர்ந்தால் 27. பையன் கணக்கில் பிழை விடவில்லை, y-ஐ நிறுத்த மறந்திருக்கிறான். x-ம் y-ம் கைகோத்துக்கொண்டு மூலைவிட்டத்தில் நடந்தால் எவ்வளவு வேகத்தில் மதிப்பு மாறும் என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறான், நாம் கேட்டது அது இல்லை, அவ்வளவே. விடை இரண்டு பகுதி வகைக்கெழுக்களின் கூட்டலாக வந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்போது அந்த ∛(xy)-க்கு வருவோம். மாணவி எழுதிய மூன்று வரி:

```
f(h, 0) = ∛(h·0) = 0,   f(0, 0) = 0
[ f(h, 0) − f(0, 0) ] / h = 0/h = 0   (h ≠ 0)
f_x(0, 0) = 0
```

y-ஐ 0-இல் நிறுத்தியதும் சார்பு x-அச்சு முழுக்க 0 ஆகிவிடுகிறது. தட்டையான தரை. அதில் சரிவு 0 என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

விடைக்குறிப்பு எழுதியவர் விதியை முதலில் ஓட்டியிருப்பார். சங்கிலி விதிப்படி y / (3·∛(x²y²)) வரும். அதில் x = 0, y = 0 போட்டால் 0/0. உடனே 'இல்லை' என்று எழுதிவிட்டார். ஆனால் இங்கே சங்கிலி விதியைக் கூப்பிடவே உரிமை இல்லை. உள்ளே இருக்கும் xy, வெளியே இருக்கும் கனமூலம் இரண்டுமே அந்த இடத்தில் வகையிடத்தக்கவையாக இருந்தால்தான் அந்த விதி பேசும். கனமூலம் 0-இல் வகையிடத்தக்கதல்ல, அங்கே அதன் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது. ஆகவே 0/0 என்பது 'வகைக்கெழு இல்லை' என்ற தீர்ப்பு இல்லை, 'என்னிடம் கேட்காதே' என்று விதி கையை விரிப்பது. அப்போது போய்க் கேட்க வேண்டிய இடம் வரையறைதான். கேள்வியிலேயே 'எல்லை வரையறையிலிருந்து' என்று எழுதிவிட்டு விடைக்குறிப்பில் விதியைப் போட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று ஆகிவிடும். இதே சார்பில் கொஞ்சம் தள்ளி, (0, 0.001) என்ற புள்ளிக்குப் போங்கள். y-ஐ 0.001-இல் நிறுத்தினால் ∛0.001 = 0.1, எனவே f(h, 0.001) = 0.1·∛h. h-ஆல் வகுத்தால் 0.1 / ∛(h²). h-க்கு 0.000001 போட்டால் இது 1000. h-ஐ இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 1,00,000. எங்கேயும் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. அங்கே வகைக்கெழு நிஜமாகவே இல்லை. ஆதிப்புள்ளியில் 0, அதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு மேலே போனால் இல்லவே இல்லை! y-ஐ எந்த எண்ணில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைக்கும் ஒருமாறிச் சார்பே வேறாகிவிடுகிறது. y என்ற எழுத்தையே கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

துண்டு துண்டாக வரையறுத்த சார்புகளிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். (x³ − y³)/(x² + y²), ஆதிப்புள்ளியில் மட்டும் 0 என்று கொடுத்தால், வகுப்பில் பாதிப்பேர் 'f(0, 0) = 0, அது மாறிலி, மாறிலியின் வகைக்கெழு 0' என்று எழுதுவார்கள். ஒரு புள்ளியில் உள்ள மதிப்பை வகையிட முடியாது. பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் என்ற பேச்சே வரும். பக்கத்துப் புள்ளி (h, 0), அங்கே மதிப்பு h³/h² = h, அதிலிருந்து 0-ஐக் கழித்து h-ஆல் வகுத்தால் 1. y பக்கம் அதே மாதிரி செய்தால் −1. இந்த மாதிரி விடையில் f(0, 0) என்ற எண் எங்கே பயன்பட்டது என்று தேடிப் பாருங்கள். கழிக்கும் இடத்தில் வந்திருந்தால் மாணவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. அதைப் போய் நேராக வகையிட்டிருந்தால் புரியவில்லை.

√(x² + y²)-ஐப் பற்றி ஒரு வரி மட்டும். ஆதிப்புள்ளியில் y-ஐ 0-இல் நிறுத்தினால் √(h²), அது |h|, h இல்லை. அதை h-ஆல் வகுத்தால், வலதுபக்கமாக வந்தால் 1, இடதுபக்கமாக வந்தால் −1, எல்லை இல்லை. 1 என்று எழுதுகிறவர்கள் h குறைஎண்ணாகவும் இருக்கலாம் என்பதை மறந்தவர்கள். இங்கே 'இல்லை' என்பது சரியான விடை, ஆனால் அதற்குக் காரணம் இரண்டு பக்கமும் ஒத்துவராததுதான். விதியில் 0/0 வந்தது காரணம் ஆகாது. அதைக் காரணமாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தால் அடுத்த தேர்வில் ∛(xy)-க்கும் அதையே எழுதுவார், அப்போது என்ன செய்வீர்கள்?

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். b-ஐ முதல் வரியிலேயே போட்டுவிட்டு மேலே போகிற மாணவருக்கு 'y-ஐப் படிகளில் காட்டவில்லை' என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். அதுதான் வரையறை. அப்புறம், வரையறையிலிருந்து காண்க என்று கேட்பதாக இருந்தால், வரையறை இல்லாமல் பதில் வராத சார்பாகப் பார்த்துக் கொடுங்கள். பல்லுறுப்புக் கோவையைக் கொடுத்துவிட்டு அந்தச் சொல்லைச் சேர்ப்பதில் எழுதுகிறவருக்கும் பிரயோஜனம் இல்லை, திருத்துகிறவருக்கும் இல்லை.

புதுச் சார்பு தேடி அலைய வேண்டியதும் இல்லை. அடுத்த தாளில் அதே ∛(xy)-ஐயே கொடுத்து, (0, 0), (0, 0.001), (3, 0) என்ற மூன்று புள்ளிகளிலும் x-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று கேளுங்கள். விடை 0, இல்லை, 0. இந்தத் தடவை விடைக்குறிப்பை எழுதும்போது y-க்கு முதலில் எண்ணைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மறுமதிப்பீட்டு முடிவுக்காக ஒரு மாணவியோடு சேர்ந்து காத்திருக்கும் ஓர் ஆசிரியர்