முந்திரிக் கணக்கு: 32 வீட்டாருக்கும் ஒரு மடல்

லாசுப்பேட்டையில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், 32 வீட்டாருக்கும் 303இலிருந்து வணக்கம்.

தீபாவளிக்குப் பண்ருட்டியிலிருந்து முந்திரி எடுக்கும் கணக்கை இந்த வருஷமும் நானே பார்ப்பதாகக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டேன். வாட்சாப் குழுவில் ஆர்டர் கேட்டு அறிவிப்புப் போடுவதற்கு முன்னால், போன வருஷம் என்னதான் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் வாசலில் இன்னமும் வேறு கதை ஓடுகிறது.

நாம் வாங்குகிற வியாபாரி பத்துக் கிலோ டின்னாக எடுத்தால்தான் மொத்த விலை போடுவார். டின்னைப் பிரித்துக் கேட்டால் சில்லறை விலைதான். நாம் கேட்டது முழு, பாதி என்று இரண்டே ரகம். வந்த ஆர்டர்களைக் கூட்டினேன். முழு 20 கிலோ, பாதி 10 கிலோ. மூன்று டின்னுக்கு அளந்து வைத்தாற்போல் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. டின்கள் வந்தன, கீழே மேசை போட்டுப் பிரித்தோம். முழுப்பருப்பில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. பாதியில் மூன்று கிலோ மிஞ்சியது.

வியாபாரி எடையில் கை வைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மேல் தப்பில்லை. டின்னைத் திறந்ததும் நானே நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. என் கூட்டலிலும் பிழையில்லை. பிழை ஒரே ஒரு செய்தியில் இருந்தது. 105இலிருந்து “பாதி 1” என்று வந்தது. அதற்குக் கீழே நாலு வீட்டார் வரிசையாக “எங்களுக்கும் அதே” போட்டார்கள். பாதிப் பருப்பு ஒரு கிலோ என்று நான் எடுத்துக்கொண்டேன், ஐந்து வீட்டுக்கு ஐந்து கிலோ. 105இல் நினைத்ததோ முழுப்பருப்பில் அரைக்கிலோ பாக்கெட் ஒன்று. அதே என்று சொன்ன நாலு பேரில் இரண்டு பேர் அவர்களைப் போலவும், இரண்டு பேர் என்னைப் போலவும் படித்திருக்கிறார்கள். ஆக மூன்று வீட்டுக்கு அரை அரையாக முழுவில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. பாதியில் மூன்று கிலோ கூடியது. எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் இது அகப்படாது. அந்த மூன்று கிலோவுக்கு நானே பணம் கட்டினேன். பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் முந்திரிதான்.

“அதே” என்பதில் இன்னொரு வம்பும் உண்டு. யாருக்குப் பதிலாகப் போட்டீர்கள் என்பது உங்கள் திரையில் தெரியும். மொத்த உரையாடலையும் கோப்பாக ஏற்றுமதி செய்து நான் உட்கார்ந்து எழுதும்போது அந்த மேற்கோள் அதில் வராது. வெறும் “எங்களுக்கும் அதே” மட்டும் நிற்கும். நடுவில் யாராவது தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசியிருந்தால் கேட்கவே வேண்டாம். குரல் பதிவாக ஆர்டர் சொல்லும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தக் கோப்பில் உங்கள் குரலும் இருக்காது.

அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்த வாட்சாப் விடுகிறது. திருத்தினால் எனக்கு மணி அடிக்காது. ஒரு வீட்டில் 1 என்று போட்டதை நான் எழுதி முடித்த பிறகு 2 ஆக்கியிருந்தார்கள். “நான் ரெண்டுதானே போட்டேன், பாருங்க” என்று ஆர்டர் போடும் முன்பே போனை நீட்டியபோது அவர்கள் சொன்னது உண்மை, என் நோட்டில் இருந்ததும் உண்மை.

இனி என் பக்கத்துக் குளறுபடி. எக்செல்லில் ஒரு வீட்டுக்கு அரைக்கிலோ என்று 1/2 அடித்தேன். அது பிப்ரவரி 1ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டது. தேதியை உள்ளே ஒரு எண்ணாகத்தான் எக்செல் வைத்திருக்கும், 2025 பிப்ரவரி 1க்கு அது 45689. அடியில் முழுப்பருப்பு மொத்தம் 45,708.5 கிலோ என்று நின்றது. பண்ருட்டியையே விலைக்குக் கேட்டது போல. இந்த மாதிரிப் பிழை கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கத்தாத பிழைதான் ஆபத்து. செய்தியிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டிய “1 கிலோ” எக்செல்லுக்கு எண் அல்ல, எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். அப்படி இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆர்டர் போடும் முன் கீழே உள்ள இரண்டாவது வரியால்தான் பிடித்தேன்.

```
=SUM(B2:B33)
=COUNTA(B2:B33)-COUNT(B2:B33)
=MAX(B2:B33)
```

முதல் வரி மொத்தம். இரண்டாவதில் பூஜ்யம் வர வேண்டும், 2 வந்தால் இரண்டு கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது. மூன்றாவது, ஒரே வீட்டில் வந்த பெரிய அளவு. தேதி நுழைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். எனக்குக் காய்ச்சல் வந்து வேறு யாராவது உட்கார நேர்ந்தால் உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

இந்த முறை உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டு எண்ணை முதலில் போட்டு, அளவைக் கிராமில் எழுதுங்கள்: “105 முழு 500 பாதி 1000”. கிராமில் எழுதினால் “பாதி 1” என்ற பேச்சே எழாது. அரை, ஒன்றரை, 1/2 எதுவும் வேண்டாம். மாற்ற வேண்டுமென்றால் பழையதைத் திருத்தாமல் முழு வரியையும் புதிதாக அனுப்புங்கள், ஒரு வீட்டிலிருந்து கடைசியாக வந்த வரியைத்தான் எடுப்பேன். ஐயா ஒன்றும் அம்மா ஒன்றும் தனித்தனியாக அனுப்பினாலும் இதே விதிதான், இரண்டையும் கூட்ட மாட்டேன். வேண்டாதவர்களும் “207 வேண்டாம்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேண்டாதவர் யார், அறிவிப்பைப் பார்க்காதவர் யார் என்று எனக்குத் தெரியாது. வாங்குகிறவர்களும் வேண்டாதவர்களும் சேர்ந்து 32 வரும்வரை கணக்கை மூட மாட்டேன். மூடியதும் பட்டியலைக் குழுவில் போடுவேன். உங்கள் வரியை மட்டும் பாருங்கள். ஒருநாள் பொறுத்துத்தான் பண்ருட்டிக்குப் போன் போகும்.

நிர்வாகக் குழு இரண்டு விஷயம் முடிவு செய்து தர வேண்டும். முதலாவது, முழுப்பருப்பு 240ஆ 320ஆ என்பது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண், 240 பெரிய பருப்பு, விலையும் கூடுதல். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் “முழு 240” என்று யாராவது எழுதுவார்கள். அது ரகமா, கிராமா என்று நான் மறுபடி தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, டின் நிரம்பாத மிச்சம். ஒரு ரகத்தில் மொத்தம் 27 கிலோ வந்தால் மூன்றாவது டின்னில் மூன்று கிலோவுக்கு ஆள் வேண்டும். இல்லையென்றால் ஏழு கிலோவுக்குச் சில்லறை விலை கொடுக்க வேண்டும். கூடுதலாக எடுக்கத் தயாரானவர்கள் வரியின் முடிவில் “மேல் 500” என்று சேர்க்கலாம். 27 கிலோ வரும்போது ஆறு வீட்டார் அப்படிச் சேர்த்திருந்தால் டின் நிரம்பிவிடும். அதற்கும் ஆள் குறைந்தால் டின்னா, சில்லறையா என்று குழுதான் சொல்ல வேண்டும். இன்னொரு முறை மிச்சம் 303க்கு வராது.

அறிவிப்பே இன்னும் போகவில்லை, அதற்குள் 402இலிருந்து “எங்களுக்குப் போன வருஷம் மாதிரியே” என்று வந்திருக்கிறது. போன வருஷப் பட்டியலில் உங்கள் வீட்டுப் பேரில் மூன்று வரி இருக்கிறது. எந்த வரி என்று சொல்லுங்கள், கிராமில்.

இப்படிக்கு,
303