வராத கொழுப்பு அளவுக்கு ஒன்றியமே எண் போட வேண்டாம்

மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு ஒன்றியத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்து மூன்று விண்ணப்பங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. பதில் வரவில்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். பால் பரிசோதனைக் கருவி காட்டும் அளவு உங்கள் கணக்கு மென்பொருளான இ.ஆர்.பி.க்கு வந்து சேராத வேளையில், அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். விலை அட்டவணையின் கடைசி வரியில் உள்ள எண்ணை அங்கே நிரப்பாதீர்கள்.

இணையம் அறுந்தால் எங்கள் மையத்தில் பால் எடுப்பது நிற்பதில்லை. தராசு லிட்டரைக் காட்டுகிறது, கருவி கொழுப்பையும் இதர சத்தையும் காட்டுகிறது, உறுப்பினர் கையில் சீட்டு போகிறது. இணைப்பு திரும்பியதும் கணினியில் தேங்கிய பதிவுகள் ஒன்றியத்துக்கு ஏறுகின்றன. அப்போது லிட்டர் சரியாகப் போகிறது. கொழுப்பும் இதர சத்தும் பல வரிகளில் போய்ச் சேருவதில்லை. அந்த வரிகளில் உங்கள் மென்பொருள் தானாகவே 3.5, 8.0 என்று எழுதிக்கொள்கிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவர், இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் விதவைப் பெண், காலையில் 6 லிட்டர் ஊற்றுகிறார். சீட்டில் கொழுப்பு 4.4, இதர சத்து 8.3. எங்கள் அட்டவணைப்படி லிட்டருக்கு 35 ரூபாய் 40 காசு. இ.ஆர்.பி.யில் அதே பாலுக்கு 31 ரூபாய் 50 காசு. ஒரு காலைக்கு 23 ரூபாய் 40 காசு குறைகிறது. சென்ற பத்து நாள் பால் பணப் பட்டியலில் ஐந்து காலைகள் இப்படிப் போயின. 117 ரூபாய் இல்லை. ஆனால் அதே பட்டியலில் தீவனக் கடன் பிடித்தம் ஒரு காசு குறையாமல் விழுந்திருக்கிறது. ஐந்து சீட்டுகளையும் எங்கள் செயலாளரின் மேசையில் அடுக்கி வைத்து, "இதில் எது பொய், சொல்லுங்கள் அண்ணா" என்று அவர் கேட்டார். செயலாளரிடம் பதில் இல்லை. வேளை முடிந்ததும் பதிவு பூட்டப்பட்டுவிடுகிறது. திருத்தும் உரிமை ஒன்றியத்திடம் இருக்கிறது. ஒன்றியத்தின் அனுமதி வருவதற்குள் பட்டியல் மூடப்பட்டுவிடுகிறது.

பூட்டே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கையால் எழுதிய பேரேட்டில் வேண்டியவருக்குப் புள்ளியைக் கூட்டிப் போட்ட காலத்தையும் பார்த்திருக்கிறோம். பழைய எண், புதிய எண், திருத்தியவர், காரணம் எல்லாம் பதிவாகட்டும். சந்தேகம் இருந்தால், எடுத்து வைத்த மாதிரிப் பாலைக் கெர்பர் முறையில் சோதிக்கலாம். அமிலமும் சுழற்றியும் எங்களிடமே இருக்கின்றன. எண்ணே வராதபோது ஓர் எண்ணை உண்டாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இது ஒரு வீட்டின் 117 ரூபாயோடு முடியவில்லை என்பதற்கு உங்கள் கணக்கே சாட்சி. அந்த நாட்களில் ஒரு காலை நாங்கள் அனுப்பியது 400 லிட்டர், ஏறத்தாழ 412 கிலோ. உறுப்பினர் பதிவுகளின் சராசரிக் கொழுப்பு 3.7, அதாவது சுமார் 15.2 கிலோ கொழுப்பு. அதே பாலை உங்கள் குளிரூட்டும் நிலையம் 4.2 என்று சோதித்து ஏற்றது, 17.3 கிலோ. வழியில் பாலில் கொழுப்பு சற்றுக் குறையலாம், ஏற வழியில்லை. அந்த 2 கிலோவும் உறுப்பினர்களின் பணம். ஒன்றியம் 4.2-க்குச் சங்கத்துக்குப் பணம் தந்தது, சங்கம் 3.7-க்கு உறுப்பினர்களுக்குத் தந்தது. மிச்சம் எங்கள் வியாபாரக் கணக்கில் லாபமாக நிற்கிறது! தணிக்கையாளர் அதைப் பார்த்துச் சங்கம் நன்றாக நடக்கிறது என்று எழுதுவார். உறுப்பினர் வாயில் இருந்து பிடுங்கிய லாபத்தை வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் நாங்கள் எந்த முகத்தோடு உட்காருவது? இரு பக்கக் கொழுப்புக் கிலோவையும் ஒவ்வொரு வேளையும் ஒப்பிடும் அறிக்கை ஒன்று இருந்திருந்தால், முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மென்பொருளில் இரண்டு எண்களும் இருக்கின்றன. யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

தீவன விலை ஏறும்போது சுற்றறிக்கை மறுநாளே வருகிறது. பால் வண்டி தாமதமாக வந்து பால் புளித்தால் சங்கத்தின் தலையில் கழிவு எழுதப்படுகிறது. உறுப்பினருக்குச் சேர வேண்டியதைத் திருத்த மட்டும் ஏன் கோப்பு நகர மறுக்கிறது? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் அந்த ஐந்து சீட்டுகளும் இன்னும் மேசையில்தான் இருக்கின்றன.

ஆகவே மரியாதையோடு மீண்டும் கேட்கிறேன். வராத அளவை வெற்றாக விட்டு, நிலுவை என்று குறியுங்கள். அந்த வரிகள் தீரும்வரை பட்டியலை மூடாமல், சீட்டைக் காட்டிச் சங்கமே திருத்த மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். ஏற்கெனவே 3.5 என்று நிரப்பப்பட்ட வரிகளைப் பிரித்தெடுத்து, வித்தியாசத் தொகையை அடுத்த பட்டியலில் தனி வரியாகச் சேர்த்து வழங்க ஆணையிடுங்கள். சீட்டுகளின் நகல்களை உறுப்பினர் எண் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் கணக்குப் பிரிவில் இருந்து யாராவது ஒருவரை அனுப்பினால் ஒரே அமர்வில் சரிபார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
தொடக்கப் பால் கூட்டுறவு சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழு உறுப்பினர்