கட்டைவிரல் வலியும் உன் கழுத்தும்

கோத்தகிரி

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் என் வலது கை. ஒரு பக்கம் எழுதியதும் பேனாவை வைத்துவிட்டுக் கையை ஆற்றிக்கொள்கிறேன், அதனால் இந்தக் கடிதம் மூன்று நாளாக நடந்துகொண்டிருக்கிறது. கை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதே. உனக்குக் கழுத்து வலி என்று எழுதியிருந்தாய் அல்லவா, என் கதையில் உனக்குப் பயன்படுவது நிறைய இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஆரம்பித்தது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டிருக்கும் பார், சரியாக அந்த இடத்தில் வலி. பால் பாத்திரத்தைத் தூக்கினால் சுரீர் என்றது. துணி பிழிய முடியவில்லை. கதவுத் தாழ்ப்பாளைத் திருப்பக்கூட இடது கையைத் தேட வேண்டியிருந்தது. குளிரால் வந்த பிடிப்பு என்று நினைத்து இரவில் நீலகிரித் தைலம் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டேன். தைலம் சூடாக இருக்கும்வரை சுகம், காலையில் மறுபடி அதே வலி.

பிறகு, தேயிலை பறித்ததால் வந்திருக்கும் என்று தோன்றியது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொழுந்தைக் கிள்ளுவதுதானே நம் கை நாளெல்லாம் செய்யும் வேலை. ஆனால் யோசித்துப் பார்த்தால் கணக்கு இடித்தது. பனிக் காலத்தில் இங்கே இலை வரத்தே குறைவு, வாரத்தில் இரண்டு நாள் பறித்தால் அதிகம். அக்டோபரில் தினமும் பறித்தபோது வராத வலி ஜனவரியில் ஏன் வந்தது? அந்த மாதம் எந்த வேலை கூடியது என்று பார்த்தபோதுதான் போன் நினைவுக்கு வந்தது. ஏழு மணிக்குள் இருட்டிவிடும். கம்பளிக்குள் புகுந்து இரண்டு தலையணையில் சாய்ந்துகொண்டு, நம் விடுதிக் குழுவில் பக்கம் பக்கமாக நான் எழுதித் தள்ளியதெல்லாம் நீயும் படித்தாயே! ஒரு கையைக் கம்பளிக்கு வெளியே விட மனமில்லாமல், வலது கை ஒன்றாலேயே பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் எழுதியவை அவை. இரவுக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கும்.

குன்னூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார்கள். பாதி சாய்ப்பதற்குள் கத்திவிட்டேன். இடது கையில் இலேசான இழுப்பு மட்டும்தான். அந்த இழுப்பு எல்லோருக்கும் இருக்குமாம், இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்தபின் சரியாகிவிட்டதா என்று தினமும் நானே செய்து பார்த்து வலியைக் கிளறிவிட்டுக்கொண்டேன். நீ அப்படிச் செய்யாதே, ஒருமுறை பார்த்தால் போதும்.

அதற்குப் பெயர் டி கெர்வெய்ன் நோய். 1895-இல் அதைப் பற்றி எழுதிய சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். அப்போது ஏது போன்? துணி துவைக்கும் பெண்களுக்கு வரும் சுளுக்கு என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டாம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் வருமாம். சைக்கிள் பிரேக் ஒயர் ஒரு உறைக்குள் ஓடுகிறதே, அதுபோல, கட்டைவிரலை விரித்து நீட்டும் இரண்டு தசைநார்கள் அந்தப் புடைத்த எலும்பின்மேல் ஒரு குறுகலான உறை வழியாகப் போகின்றன. ஓயாமல் இழுபட்டால் உறை தடித்துப்போகும், நார் உள்ளே உரசும், அப்புறம் ஒவ்வொரு அசைவும் வலிதான்.

போன் விஷயத்தில் நாம் செய்யும் தவறு எங்கே இருக்கிறது தெரியுமா? கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. சுண்டுவிரல் கீழே தாங்க, மற்ற மூன்றும் பின்னால் அணைக்க, போன் நழுவாமல் இருக்கக் கட்டைவிரலின் அடிப்பகுதி இறுக்கிப் பிடிக்கிறது. அதே விரலின் நுனி எதிர் மூலையில் இருக்கும் எழுத்தை எட்டிப் பிடிக்கப் போகிறது. என் போன் உறையோடு கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மணிக்கட்டும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்த அம்மா என்னை வலிக்க வைத்த அதே சாய்வு! போதாததற்குத் தமிழில் எழுதுகிறோம். 'கொ' என்று ஒரு எழுத்துக்கு இரண்டு தட்டு, 'க்' என்றால் புள்ளிக்கு ஒரு தட்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கினால் வணக்கம் சொல்லவே எட்டுத் தட்டு.

அதனால் முதல் மாற்றம் வேலையைப் பிரித்ததுதான். இப்போது போனை இடது கை ஏந்துகிறது. இறுக்கிப் பிடிக்காமல், தட்டுபோல உள்ளங்கையில் கிடக்கவிட்டிருக்கிறேன். வலது கை ஆள்காட்டி விரலால் தட்டுகிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, நத்தை வேகம். பிறகு பழகிவிட்டது. படிக்கும்போது போனைக் கையில் எடுப்பதே இல்லை. நூறு ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். நீளமாக எழுத வேண்டுமானால் விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசிவிடுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் கண்டபடி எழுதும், அவற்றை மட்டும் ஆள்காட்டி விரலால் திருத்துகிறேன். பத்து வரிக்கு இருந்த தட்டு பத்துச் சொல்லுக்குக் குறைந்துவிட்டது.

பட்டை விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் போகுமுன் மருந்துக் கடையில் நானே ஒரு மணிக்கட்டுப் பட்டை வாங்கி மூன்று வாரம் போட்டிருந்தேன். அது மணிக்கட்டை மட்டும் பிடித்து, கட்டைவிரலைச் சுதந்திரமாக விட்டிருந்தது. கட்டைவிரல் ஆடும்வரை நாரும் உறைக்குள் ஆடிக்கொண்டுதானே இருக்கும்? மணிக்கட்டோடு கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டைதான் வேண்டும். அதை மூன்று வாரம் இரவும் பகலும், குளிக்க மட்டும் கழற்றிப் போட்டேன். அதன்பின் இரவிலும், வேலை செய்யும்போதும் மட்டும். ஆறாவது வாரம் பால் பாத்திரத்தை வலது கையாலேயே தூக்கினேன். எல்லோருக்கும் இப்படிப் பட்டையோடு முடிந்துவிடாதாம். குறையாவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் உறையைக் கீறிவிடும் சிறிய அறுவை. உனக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன், அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும். என்றாவது தேவைப்பட்டால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

சரி, உன் கழுத்துக்கு வருகிறேன். ஊஞ்சலில் உட்கார்ந்து மடியில் போனை வைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தாய். நம் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நேராக இருக்கும்போது எலும்பு அதைத் தாங்கும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். 2014-இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினியில் கணக்குப் போட்டு, 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் 27 கிலோ என்று சொன்னார். மனிதர்கள் கழுத்தில் அளந்ததல்ல அது, மாதிரிக் கணக்கு. அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

உன் மருமகன் 'போனைக் கண் உயரத்துக்குத் தூக்குங்கள்' என்றார், அப்படிச் செய்ததும் வலி கூடிவிட்டது என்றாயே, அதை நான் நம்புகிறேன். உன் கண்ணாடிதான் காரணமாக இருக்கும். பைஃபோகலில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. கண் உயரத்தில் இருப்பதை அதன் வழியே படிக்க மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் இன்னொரு வலி. எனக்கும் அதே கண்ணாடிதான். மடியில் ஒரு தடித்த தலையணையை வைத்து, இரண்டு முழங்கைகளையும் அதில் ஊன்றி, போனை நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவில், முகத்திலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைக்கிறேன். தலை நேராக இருக்கும், கண் மட்டும் இறங்கும். முழங்கையை ஊன்றாமல் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தோள் கடுக்கும், போன் தானாக மடிக்கு இறங்கிவிடும். போன் அமைப்பில் எழுத்தின் அளவையும் இரண்டு படி கூட்டிவிடு. எழுத்து சிறிதாக இருந்தால் தலை நமக்குத் தெரியாமலே முன்னால் நீளும். போனுக்கென்றே கிட்டப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாகப் போட்டுக்கொண்டால் இன்னும் சௌகரியம்.

இவ்வளவும் செய்தாலும் ஒரே நிலையில் ஒரு மணி நேரம் இருந்தால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். எனக்குப் பால் அடுப்பு உதவுகிறது. போனைத் தொடும்போது பாலைச் சிறு தீயில் வைக்கிறேன், அது பொங்குமுன் எழுந்தே ஆக வேண்டும். எழுந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து, மோவாயை மேலே தூக்காமல் தலையை நேராகப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணும்வரை வைத்துவிட்டு விடுகிறேன். ஐந்தாறு தடவை போதும்.

ஆனால் வலி தோளைத் தாண்டிக் கைக்குள் இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, பிடித்த டம்ளர் நழுவினாலோ, நடையில் தடுமாற்றம் தெரிந்தாலோ தலையணையோடு நிற்காதே, மருத்துவரைப் பார். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் விழிப்பு வந்தால் அது வேறு நரம்புத் தொல்லை, சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். எனக்கு வந்ததோடு அதைக் குழப்பிக்கொள்ளாதே.

இங்கே மழை ஒன்று விழுந்திருக்கிறது, கொழுந்து துளிர்க்கிறது. கீழ்ப் பாத்தியை இந்த வாரம் நானே பறிக்கப் போகிறேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மே மாதம் பழனியில் வெயில் தாங்காது, இங்கே வந்துவிடு. இப்போது நீ எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாய், காலையில் கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுது. நீளமாக எழுத வேண்டாம், போனில் பேசி அனுப்பு.

உன் பழைய அறைத்தோழி