சங்கின் வாய்க்குள் விரலை விடச் சொன்ன தாத்தாவுக்கு

நடந்தது என்னவென்று கீழக்கரையில் பாதிப் பேருக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் வலம்புரி என்று சொன்னதை நம்பிச் சங்கு வாங்கிய பரமக்குடி அக்காவிடம் பணம் திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டது, கடையும் வழக்கம்போல் திறந்திருக்கிறது. நேற்று ராத்திரிதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கல்லூரி லீவுக்கு இரண்டு மாசம் பழம்பொருள் கடையில் நின்றேன். பித்தளைக் குத்துவிளக்கு, மரப்பெட்டகம், நின்றுபோன சுவர்க்கடிகாரம், இப்படிச் சாமான்கள். வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “இது எத்தனை வருஷத்துப் பழசு?” தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று நானே நினைத்துக்கொண்டு, “நூறு வருஷம் இருக்கும்க்கா” என்று சொல்லிப் பழகிவிட்டேன். வெள்ளிப் பூண் போட்ட அந்தச் சங்குக்கும் அதைத்தான் சொன்னேன். கூடவே, “அசல் வலம்புரி” என்றும் ஒரு போடு போட்டேன்.

விஷயம் பெரிதான பிறகு, பெரியபட்டினத்துத் தாத்தா ஒருவர் தானாகக் கடைக்கு வந்தார். சின்ன வயசில் சங்கு குளித்தவராம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சங்கை எடுத்து, தீர்த்தம் விடுகிற மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, வாயை என் பக்கம் திருப்பினார்.

“வாய் எந்தப் பக்கம் தம்பி?”

“வலப்பக்கம் தாத்தா.”

“அது சரி. நீ அதை மட்டும் பார்த்திருக்கே. இப்ப விரலை உள்ளே விடு.”

விட்டேன். உள்ளே நடுத்தண்டு வழவழவென்று இருந்தது. அவர் மடியிலிருந்து ஒரு சாதாரண இடம்புரிச் சங்கை எடுத்துக் கொடுத்தார். அதில் தண்டின் மேல் வரிசையாக மூன்று மடிப்பு, விரல் நுனியில் திட்டுத்திட்டாகத் தட்டுப்பட்டது. சிலதில் நாலு கூட இருக்குமாம். நம் கடலின் சங்கு வலம் திரும்பினாலும் இடம் திரும்பினாலும் இந்த மடிப்பு இருந்தே தீரும். கடையில் இருந்தது அமெரிக்கக் கரையில் கிடைக்கிற வேறு ஒரு இனம். அதற்குப் பிறவியிலேயே வாய் அந்தப் பக்கம்தான், அங்கே அது அதிசயமே இல்லை. நம் சங்கில்தான் வலம்புரி அத்தனை அபூர்வம். சங்கின் தோளில் இருந்த முண்டுகளைத் தேய்த்து மழுக்கியிருந்த இடத்தையும் காட்டினார். நான் அதைத் தினமும் துடைத்திருக்கிறேன், ஒரு தடவை கூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இதற்கு மட்டுமில்லை. எல்லாம் காட்டி முடித்ததும், அசடு மாதிரி, “அப்போ இது எத்தனை வருஷத்துது தாத்தா?” என்று அவரிடமே கேட்டேன். கடலுக்குள் எத்தனை வருஷம் முங்கி எழுந்தவர்! கூசாமல், “தெரியாதுப்பா” என்றார்.

சங்கு மஞ்சளாக இருக்கிறதே என்றேன். விளக்குப் புகை பட்டாலும், எண்ணெய் பட்டாலும் மஞ்சளாகும் என்றார். பூண் பழசாகத் தெரிகிறதே என்றேன். “பூண் என்னைக்கும் போடலாம். பூணைப் பத்தி ஆசாரிகிட்ட கேளு.” அவ்வளவுதான். தெரியாது என்றதோடு விடாமல், எதுவரை தெரியும், மிச்சத்தை யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னதில் அவர் மதிப்பு ஒரு துளி குறையவில்லை. எனக்காகவே அப்படிச் சொன்னாரோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

கடைக்கார அண்ணனுக்கும் நன்றி. 1972 சட்டப்படி நூறு வருஷம் தாண்டினால் அது தொல்பொருள் கணக்கில் வரும், சும்மா வாயில் வருகிற எண் இல்லை அது, என்று ஒரே ஒரு முறை சொன்னார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. பொறுத்துக்கொண்ட பரமக்குடி அக்கா, டீ வாங்கிக் கொடுத்த எதிர்க்கடைக்காரர், வீட்டில் எதுவும் கேட்காத அம்மா, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

கடைசி வாரம் ஒருவர் பித்தளைத் திசைகாட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி வயசு கேட்டார். “தெரியாது சார். மூடியில் இருக்கிற வருஷம் பின்னால் பொறித்ததாகவும் இருக்கலாம், அண்ணன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். காது சுட்டது. அவர் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தாத்தா, அந்தச் சங்கு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: “அமெரிக்கக் கடல் சங்கு. வலம்புரி அல்ல. வயது தெரியாது.” அடுத்த முறை வரும்போது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.